சம்பள உயர்வும் மூன்று அடகுச் சீட்டும்

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பெண். வயது 29. ஜூலை மாதம் அவருக்கு ஒரு கடிதம் வருகிறது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் சம்பள உயர்வு, அதாவது மாதம் பத்தாயிரம். அன்று மாலை பஸ்ஸில் வீடு திரும்புவதற்குள் அந்தப் பத்தாயிரத்தை மனதுக்குள் மூன்று தடவை செலவு செய்துவிடுகிறார். கிரெடிட் கார்டு பாக்கிக்கு ஒரு பத்தாயிரம், சேமிப்புக்கு ஒரு பத்தாயிரம், வேடசந்தூரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஒரு பத்தாயிரம்.

இந்தப் பெண் கணக்குக்காக நான் அமைத்துக்கொண்ட உதாரணம். ஆனால் இவருக்கு இருக்கும் கடன்கள் நம் வீடுகளில் அன்றாடம் பார்ப்பவை. அப்பா தையல்காரர், 61 வயது. அம்மாவுக்கு 56. மகள் மாதம் 6,000 ரூபாய் வீட்டுக்கு அனுப்புகிறார். கல்விக்கடன் இன்னும் 2,40,000 பாக்கி, மாதத் தவணை 6,000. கிரெடிட் கார்டில் 60,000 நிற்கிறது. ஒவ்வொரு மாதமும் 'மினிமம் டியூ' 3,000 கட்டி அதைத் தள்ளிக்கொண்டு வருகிறார். சேமிப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை.

கடிதத்தில் பத்தாயிரம், கையில் எவ்வளவு?

முதலில் அந்தப் பத்தாயிரத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடிதத்தில் இருப்பது 'சி.டி.சி.' எனப்படும் மொத்தத் தொகை. நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப்., பணிக்கொடைக்கு ஒதுக்குவது, ஆண்டு முடிவில் வந்தால் வரும் ஊக்கத்தொகை எல்லாம் அதற்குள் அடக்கம். இவருடைய அடிப்படைச் சம்பளம் மாதம் 5,000 கூடியிருக்கிறது. அதில் 12 சதவீதம், அதாவது 600 ரூபாய், இவர் பங்காகப் பிடிக்கப்படும். நிறுவனத்தின் பங்கு இன்னொரு 600. பணிக்கொடைக்கு ஏறக்குறைய 240. ஊக்கத்தொகைக் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் அளவுக்கு எழுதியிருக்கிறார்கள். இவையெல்லாம் போனால் வங்கிக் கணக்கில் கூடுதலாக வருவது 7,500 ரூபாய்தான். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால் இந்தச் சம்பளத்தில் வருமான வரிப் பிடித்தம் இல்லை.

இங்கே ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. பி.எஃப். கணக்கில் இனி மாதம் 1,200 ரூபாய் கூடுதலாகச் சேரும். 2024-25க்கு அதற்கு அறிவித்த வட்டி 8.25 சதவீதம். அதாவது நீண்டகாலச் சேமிப்புக்கான பங்கு, இவர் முடிவெடுப்பதற்கு முன்பே போய்விட்டது. ஆகவே 'வயதான காலத்துக்கு ஒன்றும் சேர்க்கவில்லையே' என்ற பதற்றத்தில் இப்போதே புதிதாக எதையும் தொடங்க வேண்டிய அவசரம் இல்லை. சில நிறுவனங்கள் 15,000 ரூபாய் வரம்பை மட்டும் வைத்து மாதம் 1,800 பிடித்தால் போதும் என்று நிறுத்திக்கொள்ளும். அப்படிப்பட்ட இடத்தில் சம்பளம் ஏறினாலும் பி.எஃப். ஏறாது. சம்பளச் சீட்டில் பழைய மாதத்தையும் புதிய மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று அரியர். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாத உயர்வும் ஜூலைச் சம்பளத்தோடு மொத்தமாக வரும். இவருக்கு 22,500 ரூபாய். இந்தத் தொகைதான் இந்தக் கதையில் பெரிய வேலை செய்யப் போகிறது. மாத உயர்வோடு சேர்த்து இதையும் கரைத்துவிடாமல் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

எல்லாக் கடனையும் 'வட்டி'யில் பேசுவோம்

வங்கிகள் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்கின்றன. கிரெடிட் கார்டு நிறுவனங்கள் மாதக் கணக்கில் சொல்கின்றன. அடகுக் கடையில் 'ரெண்டு வட்டி' என்கிறார்கள். மூன்றும் மூன்று பாஷை என்பதால் எது கனமான கடன் என்பதே மறைந்துபோகிறது. ஊர் வழக்கையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் இரண்டு வட்டி. ஆண்டுச் சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் இந்தக் கணக்கு வந்துவிடும்.

இவருடைய கல்விக்கடன் 10.5 சதவீதம். வகுத்தால் ஒரு வட்டிக்கும் குறைவு. கிரெடிட் கார்டு மாதம் 3.5 சதவீதம், அதாவது மூன்றரை வட்டி. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. சேர்த்தால் நாலு வட்டிக்கு மேல். 60,000 ரூபாய்க்கு மாதம் 2,478 ரூபாய் இப்படியே போகிறது. இவர் கட்டும் 3,000 ரூபாயில் கடனைக் குறைப்பது 522 ரூபாய் மட்டும். கார்டை இனித் தொடாமல் இதே 3,000 கட்டிக்கொண்டு போனாலும் கடன் தீர 43 மாதங்களுக்கு மேல் ஆகும். அதற்குள் வட்டியாக மட்டும் 69,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கும்.

பெரிய கடன் என்று இவர் பயந்துகொண்டிருந்தது கல்விக்கடனை. கனமான கடன் கார்டு. கல்விக்கடன் அதன் தவணையிலேயே ஓடட்டும், இப்போதைக்கு அதில் கூடுதலாக ஒரு ரூபாயும் போட வேண்டாம்.

அப்பா சொல்லாத கடன்

சம்பள உயர்வைப் பிரிக்க உட்காரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தங்கள் கடன்களை மட்டும் ஒரு தாளில் எழுதுகிறார்கள். பெற்றோருக்கு என்று ஒரு தொகையை ஒதுக்கி, அது அங்கே போய் என்ன ஆகிறது என்று பார்ப்பதில்லை. அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி அங்கேயும் வட்டியாகப் போய்க்கொண்டிருக்கலாம். 'கடன் இருக்காப்பா?' என்று கேட்டால் பதில் வராது. கேட்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம்.

"அப்பா, அம்மா நகைக்கு மாசம் எவ்வளவு வட்டி கட்டுறீங்க?"

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேம்மா. உனக்கு எதுக்கு அது?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தாம்ப்பா. ரெண்டு வட்டியா, மூணு வட்டியா?"

"ரெண்டு வட்டிதான். மாசம் ரெண்டாயிரத்தி நானூறு. தவறாம கட்டிட்டு வர்றேன்."

"அடகுச் சீட்டை போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மூன்று சீட்டுகள் வருகின்றன. ஒரு பவுன் செயினுக்கு 20,000. இரண்டு பவுன் வளையலுக்கு 40,000. மூன்று பவுன் ஆரத்துக்கு 60,000. மொத்தம் ஆறு பவுன், 1,20,000 ரூபாய். வைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை அப்பா கட்டிய வட்டி 86,400 ரூபாய். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

மகள் அனுப்பும் 6,000 ரூபாயில் 2,400 நேராக அடகுக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இது தெரியாமல் மாதப்பணத்தை இன்னும் 3,000 கூட்டி அனுப்பியிருந்தால், அந்த உயர்வில் பெரும்பகுதி அடகுக் கடை வட்டியை ஈடுகட்டத்தான் போதுமாக இருந்திருக்கும். 'கடன் அடைப்பது', 'பெற்றோருக்கு உதவுவது' என்று நாம் இரண்டாகப் பார்க்கும் விஷயங்கள் இந்த வீட்டில் ஒன்றாக இருக்கின்றன.

சீட்டை மாற்றும் வேலை

வங்கியில் நகைக்கடன் அடகுக் கடையைவிட மிகவும் மலிவு. இந்தக் கணக்குக்கு 9.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முக்கால் வட்டிக்குக் கொஞ்சம் மேல். சிக்கல் என்னவென்றால், நகையைக் கடையிலிருந்து மீட்டால்தான் வங்கியில் வைக்க முடியும். மீட்க 1,20,000 வேண்டும். அந்தத் தொகை கையில் இல்லாததால்தான் எத்தனையோ குடும்பங்கள் இரண்டு வட்டியிலேயே கிடக்கின்றன.

ஆனால் சீட்டு மூன்றாக இருப்பது இங்கே உதவுகிறது. தங்கத்தின் விலை ஏறியிருப்பதும் உதவுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வைத்த நகையின் மதிப்பு இன்று இரண்டு மடங்குக்கு மேல். அரியர் பணத்தில் 20,000 எடுத்து முதல் சீட்டை மீட்கிறார்கள். அந்த ஒரு பவுன் செயினை வங்கியில் வைத்து 40,000 வாங்குகிறார்கள். அதைக் கொண்டு இரண்டாவது சீட்டை மீட்டு, இரண்டு பவுன் வளையலை வைத்து 80,000 வாங்குகிறார்கள். அதில் 60,000 கொடுத்து மூன்றாவது சீட்டை மீட்கிறார்கள். மிச்சம் 20,000. அரியரிலிருந்து எடுத்த பணம் மகள் கைக்கே திரும்பி வந்துவிடுகிறது.

இப்போது நிலைமையைப் பாருங்கள். கடன் அதே 1,20,000தான். ஆனால் வட்டி மாதம் 2,400 இருந்த இடத்தில் 950. வங்கியில் இருப்பது மூன்று பவுன். மூன்று பவுன் ஆரம் வீட்டுக்கு வந்துவிட்டது. சம்பள உயர்வில் இருந்து இதுவரை ஒரு ரூபாயும் செலவாகவில்லை.

இதைச் செய்வதற்கு முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கி மதிப்பீட்டாளர் கல், அரக்கு எடையைக் கழித்து, தங்கத்தின் தரத்தையும் பார்த்துத்தான் மதிப்புப் போடுவார். அதனால் கிடைக்கும் தொகை நினைத்ததைவிடக் குறையலாம். மதிப்பீட்டுக் கட்டணமும் இருக்கும். கல் வைக்காத நகை இருக்கும் சீட்டை முதலில் மீட்பது நல்லது. யார் பெயரில் அடகு வைத்தார்களோ அவரே அசல் சீட்டோடு கடைக்குப் போக வேண்டும். இவர்கள் வைப்பது போன்ற, வட்டியும் அசலுமாகக் கடைசியில் அடைக்கும் நகைக்கடன் பொதுவாக ஓராண்டுக்குத்தான். முடியும் தேதியை அப்பாவின் போனிலும் மகளின் போனிலும் குறித்து வைக்க வேண்டும். தேதியைத் தவறவிட்டு நோட்டீஸையும் கவனிக்காமல் விட்டால் நகை ஏலத்துக்குப் போகும். எல்லாவற்றுக்கும் மேல், 'இதுக்கு இன்னும் நாற்பதாயிரம் கூடத் தரலாம்' என்று வங்கியில் சொன்னால் வாங்கக் கூடாது. சீட்டை மாற்றப் போய் கடனைப் பெருக்கிக்கொண்ட வீடுகள் இப்படித்தான் மாட்டின.

வட்டி குறைந்த பிறகு அப்பா என்ன செய்ய வேண்டும்? முன்பு போலவே மாதம் 2,400 கட்டினால் போதும். வித்தியாசம் என்னவென்றால், இனி அதில் 1,450 ரூபாய் அசலில் கழியும்.

முதல் எட்டு மாதங்கள்

திரும்பி வந்த பணத்தோடு அரியர் மறுபடி 22,500 ஆகிவிட்டது. அதில் 12,500 அவசரத்துக்கு, 10,000 கார்டுக்கு. வெறும் கணக்குப்படி பார்த்தால் முழுத் தொகையையும் நாலு வட்டிக் கடனில் போடுவதுதான் லாபம். ஆனால் கையில் பணமே இல்லாதவருக்கு, அப்பாவை ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் எடுப்பது அதே கார்டைத்தான். ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டுப் பணமாக எடுத்தால் கட்டணமும் உண்டு, அன்றிலிருந்தே வட்டியும் உண்டு. அதற்காகத்தான் 12,500. அதைச் சம்பளக் கணக்கில் விடாமல், ஜிபே, போன்பே எதிலும் இணைக்காத வேறொரு வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும்.

மாதம் வரும் 7,500இல் 5,000 கார்டுக்கு. ஏற்கெனவே கட்டும் 3,000 சேர்ந்து 8,000 ஆகிறது. 50,000 பாக்கி எட்டாவது மாதத்தில் தீர்ந்துவிடும். மொத்த வட்டி 9,000 ரூபாய் அளவில் முடியும். 69,000 போக வேண்டிய இடத்தில் இது. கார்டு நிறுவனத்துக்குப் போன் செய்து பாக்கியைத் தவணையாக மாற்றித் தரக் கேட்கலாம். பெரும்பாலும் வட்டி பாதியாகக் குறையும். மாற்றுவதற்கான கட்டணம் எவ்வளவு, முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்று கேட்டுவிட்டுச் சம்மதிக்க வேண்டும்.

இந்த எட்டு மாதமும் கார்டு அலமாரியில் இருக்க வேண்டும். பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். திட்டம் நடக்கிறதா என்று அறிய ஸ்டேட்மென்டில் மொத்தப் பாக்கி என்ற ஒரு எண்ணைப் பார்த்தால் போதும். 50,000, அடுத்து 44,000, அடுத்து 38,000 என்று அது இறங்கிவர வேண்டும். இறங்காவிட்டால் எங்கோ கார்டு உரசப்படுகிறது என்று பொருள்.

'வீட்டுக்கு வந்த ஆரத்தையும் வங்கியில் வைத்து கார்டை ஒரே நாளில் அடைக்கலாமே?' என்று கேட்கலாம். வட்டிக் கணக்கில் அது சரி. ஆனால் அது அம்மாவின் நகை. மூன்று ஆண்டுகள் கழித்துக் கழுத்துக்கு வந்ததை, மகள் வாங்கிய பொருட்களுக்காக மறுபடி கழற்றித் தரச் சொல்வதை நான் சொல்லித்தர மாட்டேன். 9,000 ரூபாய் வட்டி இந்த இடத்தில் தாங்கக்கூடிய விலை.

மாதப்பணத்தை எவ்வளவு கூட்டுவது?

மீதி 2,500. அதில் 1,500 வீட்டுக்கு. 6,000 இனி 7,500 ஆகிறது. 1,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி., அவசரப் பணத்தை வளர்க்க.

கார்டு தீரும்வரை வீட்டுக்கு ஒன்றும் கூட்ட வேண்டாமே என்றும் தோன்றும். அரிசி, கேஸ், அப்பாவின் சர்க்கரை மாத்திரை எல்லாம் விலை ஏறியிருக்கும்போது எட்டு மாதம் காத்திருக்கச் சொல்வது சரியில்லை. அதே சமயம் ஒரேயடியாக 5,000 கூட்டவும் வேண்டாம். ஏற்றிய மாதப்பணத்தை எந்தப் பிள்ளையாலும் எளிதில் இறக்க முடியாது. வேலை மாறினாலும் கல்யாணம் ஆனாலும் அந்தத் தொகையை எதிர்பார்த்து அங்கே ஒரு வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே மாதப்பணத்தை, எந்த நிலையிலும் தொடர்ந்து அனுப்ப முடியும் என்ற அளவுக்குக் கூட்ட வேண்டும். பெற்றோருக்கு அதற்கு மேல் செய்ய நினைப்பதை நகையை மீட்பது, கண் ஆபரேஷன், கூரையை மாற்றுவது என்று முடிவுள்ள வேலைகளில் செய்ய வேண்டும்.

கார்டு தீர்ந்த மறுமாதம்

ஒன்பதாவது மாதத்திலிருந்து 8,000 ரூபாய் விடுபடுகிறது. புது போனுக்குத் தவணை எடுக்கும் ஆசை அந்த மாதத்தில்தான் வரும். அதனால் அந்தப் பணத்துக்கும் இடத்தை இப்போதே எழுதிவிட வேண்டும்.

இதில் 3,000 பெற்றோரின் மருத்துவத்துக்கு. முதலில் தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தகுதி உண்டா என்று பார்க்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். அடுத்து, நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்று மனிதவளப் பிரிவில் கேட்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் தனிப் பாலிசி. அதில் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம் என்பதால் தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும் இழப்பு. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் விண்ணப்பத்தில் மறைக்கவே கூடாது. பிரீமியம் குறைகிறது என்று மறைத்தால், ஆஸ்பத்திரி பில் வரும் நாளில் கோரிக்கையை நிராகரிக்க அதுவே காரணமாகும்.

இன்னொரு 2,500 நகைக்கடன் அசலுக்கு. மீதி 2,500 அவசரப் பணத்துக்கு. ஆர்.டி.யோடு சேர்ந்து அது இவருடைய மூன்று மாதச் செலவு அளவுக்கு வளர்ந்த பிறகு, அந்தத் தொகையைக் கல்விக்கடனுக்குத் திருப்பலாம்.

இனி வேடசந்தூருக்கு மறுபடி போவோம். அப்பா மாதம் 2,400 கட்டுகிறார். ஒன்பதாவது மாதத்திலிருந்து மகள் 2,500 சேர்க்கிறார். வட்டி போக மற்றதெல்லாம் அசலில் கழிகிறது. கணக்குப் போட்டால் 1,20,000 ரூபாயும் 33 மாதங்களில் தீர்ந்துவிடுகிறது. முந்தைய மூன்று ஆண்டுகளில் இதே 2,400ஐத் தவறாமல் கட்டியும் ஒரு குண்டுமணித் தங்கம்கூட அப்பாவால் மீட்க முடியவில்லை. இந்தத் தடவை மூன்று ஆண்டு முடிவதற்குள் செயினும் வளையலும் வீடு வந்துவிடும். கடைசித் தவணை கட்டும் அன்று மகள் ஒருநாள் லீவு போட்டுவிட்டு வங்கிக்குக் கூடப் போகட்டும். நகையை எண்ணி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவது அப்பாவாக இருக்கட்டும்.